நான்கு கட்டில்கள், ஒரு தாதி: நேர்முகப் பரீட்சையில் "யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்ற கேள்விக்குத் தயாராகும் முழுமையான வழிகாட்டி

தாதியர் நேர்முகப் பரீட்சையில் நோய்களைப் பற்றிய நேரடிக் கேள்விகளுக்குப் பெரும்பாலானோர் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். "உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள், யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்று கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளை மாதிரி நேர்முகத்தில் அமர்த்திப் பார்க்கும்போது, அறிவுக் குறைவால் அவர்கள் தவறுவதாக எனக்குத் தெரியவில்லை. முதல் நோயாளியின் நோயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கி, மற்ற மூவரையும் மறந்துவிடுகிறார்கள். இந்த ஒரே வகைக் கேள்வியை மட்டும் எடுத்து, நம் மலையகத்து வார்ட்டில் நடக்கக்கூடிய ஓர் உதாரணத்தை வைத்து, பதிலை எந்த ஒழுங்கில் கட்டுவது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வளர்ந்தவர் ஒருவரின் இயல்பான அளவுகள் யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும். சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20, நாடி 60 முதல் 100, ஒட்சிசன் செறிவு 94 சதவீதத்துக்கு மேல், குருதிக் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறையாமல். கேள்வியில் வரும் எண்கள் அலங்காரத்துக்காகச் சொல்லப்படுபவை அல்ல. எந்த எண் எல்லை மீறியிருக்கிறது என்று உடனே பிடிபடாவிட்டால் வரிசைப்படுத்தவே முடியாது.

அடுத்தது மொழி. நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுப் பதிலையும் மொழிபெயர்த்து மனனம் செய்வதில் பயனில்லை, ஏனென்றால் கேள்வியில் ஒன்று மாறினாலே மனனம் குலைந்துவிடும். முதலில் தமிழில் வரிசையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு வைத்தியருக்குச் செய்யும் அறிக்கையை மட்டும் நேர்முகம் நடக்கும் மொழியில் பல தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொல் பிசகக் கூடாத இடம் அதுதான்.

ஒரு சிறு தாளும் பேனாவும் வைத்திருக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

2. கேள்வி: பெண்கள் மருத்துவ வார்ட், பிற்பகல் 1 மணி

நீங்கள் கடமையைப் பொறுப்பேற்கிறீர்கள். உங்களுடன் ஓர் இளைய தாதியும் ஒரு சுகாதார உதவியாளரும் இருக்கிறார்கள். வைத்தியர் பக்கத்து வார்ட்டில் இருக்கிறார்.

முதலாம் கட்டிலில் 44 வயதுப் பெண். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, இப்போதுதான் தோட்டத்து லொறியில் கொண்டுவந்திருக்கிறார்கள். முகத்திலும் கழுத்திலும் கொட்டியிருக்கிறது. குரல் கரகரக்கிறது, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது. சுவாசம் 30, நாடி 130, குருதி அமுக்கம் 80/50, ஒட்சிசன் செறிவு 88.

இரண்டாம் கட்டிலில் 22 வயதுப் பெண். கொழும்பில் வேலை செய்யும் இடத்திலிருந்து காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தவர். டெங்கு, ஐந்தாம் நாள். காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. "எனக்குச் சுகமாகிவிட்டது மிஸ், வீட்டுக்கு அனுப்புங்கள்" என்கிறார். நாடி 118, குருதி அமுக்கம் 100/84, கைகள் குளிர்ந்திருக்கின்றன.

மூன்றாம் கட்டிலில் 63 வயது அம்மா, நீரிழிவு நோயாளி. 12.15க்குச் சாதாரண இன்சுலின் போடப்பட்டது. வார்ட்டுச் சாப்பாடு வேண்டாமென்று, மகள் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் சோற்றுக்காகக் காத்திருக்கிறார், பஸ் இன்னும் வரவில்லை. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறார். குளுக்கோஸ் 58.

நான்காம் கட்டிலில் 57 வயதுப் பெண். காலில் செல்லுலைட்டிஸ். வலி பத்துக்கு எட்டு என்று உரத்த குரலில் அழுகிறார், மகன் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். சுவாசம் 18, நாடி 96, குருதி அமுக்கம் 130/80, காய்ச்சல் 38 பாகை.

3. வாய் திறக்குமுன் அரை நிமிடம்

கேள்வி முழுவதையும் கேட்டு முடியுங்கள். தாளில் நான்கு கோடு போட்டு, ஒவ்வொருவருக்கும் எதிரே எல்லை மீறிய ஒரு விடயத்தை மட்டும் குறியுங்கள்: மூச்சு, குருதி அமுக்கத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி, குளுக்கோஸ், வலி. இந்த மௌனத்தை நேர்முகக் குழு குறையாக எண்ணுவதில்லை. பாதியில் திரும்பி வந்து வரிசையை மாற்றுவதுதான் பார்ப்பவர்களுக்கு அச்சத்தைத் தரும்.

கேள்வியில் சொல்லப்படாவிட்டால் இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என்னுடன் யார் இருக்கிறார்கள், வைத்தியர் எங்கே இருக்கிறார்? இவை தெரியாமல் சொல்லும் வரிசை, நான்கு பேரையும் நீங்களே ஒருவர் பின் ஒருவராகப் பார்ப்பதாக அமைந்துவிடும். வார்ட்டில் வேலை அப்படி நடப்பதில்லை.

4. வரிசையை எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்ததே: சுவாசப்பாதை, சுவாசம், குருதிச் சுற்றோட்டம், நினைவு நிலை, பிறகு மற்றவை. முதலாம் கட்டில் இதிலேயே முன்னுக்கு வந்துவிடும். குரல் கரகரப்பது தொண்டை வீங்குவதைக் காட்டுகிறது, விசில் சத்தம் மூச்சுக் குழாய்கள் சுருங்குவதைக் காட்டுகிறது, 80/50 சுற்றோட்டமும் விழுவதைக் காட்டுகிறது.

இரண்டையும் மூன்றையும் பிரிக்க அது மட்டும் போதாது. இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது? இதைச் சரிசெய்ய யாருடைய கை வேண்டும்?

மூன்றாம் கட்டில் அம்மாவின் 58 என்பது நிற்கும் எண் அல்ல. சாதாரண இன்சுலின் ஏறக்குறைய அரை மணியில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களில் உச்சத்துக்குப் போகும். உச்சம் இனித்தான் வரப்போகிறது, வயிற்றிலோ சோறு இல்லை. ஆனால் அவர் விழித்திருக்கிறார், விழுங்க முடியும், ஆகவே தேவைப்படுவது ஒரு குவளை குளுக்கோஸ் தண்ணீர். அதை உங்கள் சொற்படி இன்னொருவர் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடலாம்.

இரண்டாம் கட்டில் பிள்ளைக்கு அப்படி அல்ல. அவருக்கு வேண்டியது வைத்தியரின் தீர்மானம். அதை உதவியாளரிடம் ஒப்படைக்க முடியாது. பார்த்துவிட்டு வரலாமென்று விட்டுவிடவும் முடியாது.

ஆகவே பதில் இப்படித் தொடங்க வேண்டும்: "நான் முதலாம் கட்டிலுக்குப் போகிறேன். போகும்போதே மூன்றாம் கட்டிலுக்குக் குளுக்கோஸ் கொடுக்க ஆள் விடுகிறேன். வைத்தியர் வந்ததும் முதலாம் கட்டிலோடு இரண்டாம் கட்டிலையும் அறிவிக்கிறேன். நான்காம் கட்டிலுக்குக் கொஞ்ச நேரத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்." முழு வரிசையையும் முதலில் சொல்லிவிட்டால், இடையில் குழு நிறுத்தினாலும் நீங்கள் நால்வரையும் கவனித்தீர்கள் என்பது பதிவாகிவிடும்.

5. முதலாம் கட்டில்: கை செய்வதையே வாய் சொல்லட்டும்

இங்கேதான் அதிகம் பிசகுகிறது. குளவிக் கொட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹைட்ரோகோர்டிசோனும் பிரிட்டன் என்ற ஒவ்வாமை மருந்தும்தான். தோட்டத்து மருந்தகத்தில் அவற்றைக் கண்டு வளர்ந்ததனால் இருக்கலாம். அவை இரண்டும் மெதுவாக வேலை செய்பவை. மூச்சும் குருதி அமுக்கமும் விழும் இந்த நிலை அனபிலக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின்.

சொல்லும் ஒழுங்கு இதுதான். நோயாளியின் பக்கத்திலிருந்து நகராமல் உதவிக்குக் குரல் கொடுக்கிறேன். இளைய தாதியை வைத்தியரை அழைக்கவும் அவசரத் தட்டைக் கொண்டுவரவும் அனுப்புகிறேன். நோயாளியை எழுந்து நிற்கவோ கழிப்பறைக்கு நடக்கவோ விடமாட்டேன். ஒட்சிசன் பை இணைத்த முகமூடியில் அதிக அளவில், நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் வரை கொடுக்கிறேன். அட்ரினலினைத் தயார் செய்கிறேன்.

எப்படிப் படுக்க வைப்பது என்பது குழு விரும்பிக் கேட்கும் இடம். குருதி அமுக்கம் விழுந்தால் தட்டையாகப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். இவருக்கு இரண்டும் இருக்கின்றன. "காலை நீட்டி வைத்து, மூச்சுக்குத் தேவையான அளவு மட்டும் தலைப்பக்கத்தை உயர்த்துவேன், திடீரென நிமிர்த்தி உட்கார வைக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். திடீரென நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து, நோயாளி அந்த இடத்திலேயே சரிந்துவிடலாம்.

அட்ரினலின் அளவைச் சொல்லும்போது, எதில் போடுவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். ஆயிரத்துக்கு ஒன்று என்ற செறிவுள்ள அம்பூலில் 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் இருப்பதால், எடுக்க வேண்டியது 0.5 மில்லிலீற்றர். முன்னேற்றம் இல்லாவிட்டால் 5 நிமிடத்தில் மீண்டும் போடலாம். "அட்ரினலின் ஒரு அம்பூல் போடுவேன்" என்று மட்டும் சொன்னவர்கள் அந்த இடத்திலேயே மதிப்பெண்ணை இழக்கிறார்கள், ஏனென்றால் அதே முழு அம்பூலை நாளத்தில் செலுத்தினால் இதயத்துடிப்பு ஆபத்தாகக் குழம்பலாம். குழு கேட்பது மருந்தின் பெயரை மட்டுமல்ல, உங்கள் கையில் நோயாளி பத்திரமாக இருப்பாரா என்பதை.

"வைத்தியர் சொல்லாமல் போடுவீர்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். அந்த வைத்தியசாலையில் அனபிலக்சிசுக்கு எழுதப்பட்ட நிலையான வழிமுறை இருந்தால் அதன்படி போடுவேன், இல்லாவிட்டால் மருந்தை அளந்து கையில் வைத்துக்கொண்டு, வாய்மூலக் கட்டளையைப் பெற்று, "அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தசையில்" என்று திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திப் போடுவேன், நேரத்தைக் குறிப்பேன், பிறகு கட்டளையை எழுத்தில் பெற்றுக்கொள்வேன் என்பதே நேர்மையான பதில். "யாரையும் கேட்காமல் போடுவேன்" என்பது துணிச்சலாகத் தோன்றலாம், ஆனால் குழு தேடுவது அதை அல்ல.

மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். குரல் தெளியும், விசில் சத்தம் குறையும், குருதி அமுக்கம் ஏறும். விசில் சத்தம் நின்றும் நோயாளி சோர்ந்து மயங்கினால் அது முன்னேற்றம் அல்ல, காற்றே போகவில்லை என்று பொருள்படலாம். சில மணித்தியாலங்கள் கழித்து அறிகுறிகள் திரும்பவும் வரக்கூடும் என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை. நம் பக்கத்தில் குளவி என்று சொல்வதில் பல தடவை பெரிய மலைத்தேனீயும் அடங்கும். கூட்டமாகக் கொட்டியிருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், ஆகவே சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்ப்பேன் என்று ஒரு வரி சேர்ப்பது, நீங்கள் இந்த நோயாளியை உண்மையில் பார்த்தவர் என்பதைக் காட்டும்.

6. மூன்றாம் கட்டில்: ஒப்படைப்பதிலும் ஒழுங்கு உண்டு

"உதவியாளரிடம் குளுக்கோஸ் கொடுக்கச் சொல்வேன்" என்றால் பாதிப் பதில்தான். நோயாளி விழித்திருக்கிறார், விழுங்குகிறார் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும். அரைத் தம்ளர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ், அதாவது 15 கிராமுக்குச் சற்றுக் கூட. குடித்து முடியும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ தூங்கி விழுந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடனே உங்களை அழைக்க வேண்டும். அந்த நிலையில் குளுக்கோஸ் நாளத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

15 நிமிடத்தில் மீண்டும் குளுக்கோஸ் பார்ப்பது தாதியின் வேலை. அதை இளைய தாதியின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். 70க்கு மேல் வந்ததும் மகளின் சோற்றுக்காகக் காத்திராமல் வார்ட்டில் இருப்பதைச் சாப்பிட வைக்க வேண்டும், ஏனென்றால் குடித்த குளுக்கோஸ் விரைவில் தீர்ந்துவிடும், இன்சுலின் தீராது.

7. இரண்டாம் கட்டில்: சுகம் போலத் தெரியும் ஆபத்து

இந்தக் கேள்வியின் பொறி இதுதான். பார்ப்பதற்கு நன்றாக இருப்பவரைக் கடைசியில் வைத்து, அழுபவரை முன்னுக்கு வைப்பவர்கள் பலர்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கலாம். அப்போது கீழ் அளவு மேலே ஏறி, மேல் அளவை நெருங்கும். 100/84 என்றால் இடைவெளி 16தான். 20 அல்லது அதற்குக் குறைந்தால் அதிர்ச்சி நிலை என்றே எடுக்க வேண்டும். மேல் அளவு 100 இருக்கிறதே என்று ஆறுதல் அடைபவர்கள் கழித்துப் பார்ப்பதில்லை. குளிர்ந்த கையும் 118 நாடியும் அதே கதையைத்தான் சொல்கின்றன. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் ஆகிறதா என்பதையும் பார்ப்பேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலைனின் வேகத்தை நானே கூட்டுவேன் என்று சொல்லாதீர்கள். கசியும் கட்டத்தில் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நுரையீரலில் தேங்கி ஆபத்து. அதனால் அளவைத் தீர்மானிப்பவர் வைத்தியர். உங்கள் வேலை, முதலாம் கட்டிலில் அட்ரினலின் போட்ட கையோடு, அங்கேயே நிற்கும் வைத்தியரிடம் இப்படிச் சொல்வது:

"டொக்டர், இரண்டாம் கட்டில், 22 வயது, டெங்கு, அதிர்ச்சி நிலைக்குப் போவதாக நினைக்கிறேன். ஐந்தாம் நாள், காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. குருதி அமுக்கம் 100/84, இடைவெளி 16, நாடி 118, கை குளிர்ந்திருக்கிறது. இவரை அடுத்ததாகப் பாருங்கள். ஹிமற்றோக்கிரிட் இப்போதே எடுக்கட்டுமா?"

நிலைமை, பின்னணி, கண்டறிந்தது, கேட்பது என்ற ஒழுங்கு இதற்குள் இருக்கிறது. நம் பிள்ளைகள் பணிவினால் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். "கொஞ்சம் பார்க்க முடியுமா டொக்டர்" என்பதில் அவசரம் தெரியாது. மரியாதை குறையாமலேயே "அடுத்ததாகப் பாருங்கள்" என்று சொல்லலாம்.

8. நான்காம் கட்டில்

கடந்து போகும்போதே ஒரு நிமிடம் நில்லுங்கள். "அம்மா, ஒரு உயிர் ஆபத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் மருந்தை மறக்கமாட்டேன்" என்று அவருக்கும் மகனுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். வார்ட்டில் எழும் கோபத்தில் பெரும்பகுதி, யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாததால் வருவது.

ஆனால் வலி என்பதால் அவசரமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் புண்ணில் வலி அளவுக்கு மிஞ்சி இருந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, தோல் கறுத்தாலோ, ஆழத்தில் தசையுறை அழுகத் தொடங்கியிருக்கலாம். அந்த அடையாளங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவரைக் கடைசியில் வைக்கிறேன் என்று சொல்வது, வரிசைக்குக் காரணம் இருக்கிறது என்பதைக் காட்டும்.

9. குழு வைக்கும் திருப்பம்: "இதை எழுதாதே அக்கா"

நோயாளிப் பாதுகாப்பைச் சோதிக்கும் பகுதி பெரும்பாலும் இப்படித் தொடர்ந்து வரும். "மூன்றாம் கட்டிலுக்குச் சாப்பாடு வந்ததா என்று பார்க்காமல் இன்சுலின் போட்டவர் உங்கள் தோழி. எழுதினால் தனக்குப் பிரச்சினை என்று கெஞ்சுகிறார். என்ன செய்வீர்கள்?"

முதலில் நோயாளி. குளுக்கோஸ் ஏறியதை உறுதிப்படுத்தி, வைத்தியருக்கும் வார்ட் பொறுப்புச் சகோதரிக்கும் அறிவிக்க வேண்டும். பிறகு பி.எச்.டி. என்று வார்ட்டில் சொல்லும் நோயாளிச் சீட்டில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும்: "12.15க்குச் சாதாரண இன்சுலின் வழங்கப்பட்டது. 1.00 மணி வரை உணவு உட்கொள்ளவில்லை. குளுக்கோஸ் 58. வாய்வழியாகக் குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது. வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது." "கவனக்குறைவாக" என்ற சொல்லும் சக தாதியின் மீதான தீர்ப்பும் அங்கே வரக் கூடாது. சம்பவ அறிக்கைப் படிவம் தனியாக நிரப்பப்படும்.

தோழிக்கு என்ன சொல்வீர்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். "மறைக்க என்னால் முடியாது, ஆனால் சகோதரியிடம் உன்னோடு நானும் வருகிறேன்" என்பது போதும். நோயாளிக்கும் மகளுக்கும் நடந்ததை எளிமையாகச் சொல்ல வேண்டும் என்றும், சாப்பாட்டுத் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகே இன்சுலின் என்ற பழக்கத்தை வார்ட்டில் கொண்டுவரக் கேட்பேன் என்றும் முடியுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் நோயாளிகள் நம் வைத்தியசாலைகளில் எப்போதும் இருப்பார்கள். ஒருவரைத் தண்டித்துவிட்டால் அந்த இடைவெளி அடைபடாது.

10. பயிற்சி செய்யும் ஒழுங்கு

ஒருவர் கேள்வியை வாசிக்க, மற்றவர் அரை நிமிடம் எடுத்து, மூன்று நான்கு நிமிடத்துக்குள் பதில் சொல்லட்டும். முதல் சுற்றில் வரிசையும் காரணமும் மட்டும். இரண்டாம் சுற்றில் வைத்தியருக்கான அறிக்கை, நேர்முகம் நடக்கும் மொழியில். இந்த இரண்டும் சரளமாக வந்த பிறகே மருந்தளவுகளைச் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் எண்களில் சிக்கி வரிசை தொலைந்துவிடும்.

பிறகு ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். மூன்றாம் கட்டில் அம்மா தட்டினாலும் கண் திறக்கவில்லை என்றால் என்ன மாறும்? குளவி கொட்டியவருக்குக் குரலும் மூச்சும் அளவுகளும் சரியாக இருந்து தோலில் தடிப்பு மட்டும் இருந்தால் யார் முன்னுக்கு வருவார்? இரண்டாம் கட்டிலின் குருதி அமுக்கம் 110/70 ஆகி, கையும் சூடாக இருந்தால்? பழைய வரிசையையே திரும்பச் சொல்பவர் மனனம் செய்திருக்கிறார். அவரை மீண்டும் நான்காம் படிக்குக் கூட்டிவந்து, ஒவ்வொரு கட்டிலும் எந்தப் பக்கம் போகிறது, யாருடைய கை வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் புதிதாகக் கேட்கச் சொல்லுங்கள்.